முகத்தைத் தீர்மானிப்பது பருமன் அன்று

கார்பனைல் தொகுதிக்கு அடுத்திருக்கும் கார்பன் சீர்மையற்றதாக இருந்துவிட்டால், அத்தொகுதியின் இரண்டு முகங்களும் தாக்கவரும் கருக்கவர் பொருளுக்கு ஒன்றாக இருப்பதில்லை. ஒரு முகத்தின் வழியே வந்து சேர்ந்தால் ஒரு டையாஸ்டீரியோமரும், மறுமுகத்தின் வழியே வந்தால் மற்றொன்றும் பிறக்கின்றன. அவ்விரண்டில் எது மிகுதியாகக் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்விக்கு நம் வகுப்பறைகளில் வழங்கிவரும் விடை மிகவும் எளியது. அடுத்த கார்பனிலுள்ள மூன்று தொகுதிகளையும் பருமனால் பெரியது, நடுத்தரம், சிறியது என்று வரிசைப்படுத்து. பெரியதைக் கார்பனைல் தளத்துக்குச் செங்குத்தாக நிறுத்து. கருக்கவர் பொருள் அதற்கு எதிர்ப்புறமிருந்து சிறியதன் மேலாக வரும் என்று எழுது. ஃபெல்கின், ஆன் என்ற இரண்டு பெயர்களையும் உச்சரி. முழு மதிப்பெண் உன்னுடையது.

இந்த விடையை நான் மறுக்கிறேன். அந்த வரைபடத்தின்மேல் எனக்குப் பகையில்லை. பல சந்தர்ப்பங்களில் நானும் அதைத்தான் முதலில் வரைகிறேன். மூலக்கூறின் வடிவத்தை மட்டும் பார்த்து, அதன் அங்கங்களின் பருமனை மட்டும் எடைபோட்டு, தாக்கும் முகத்தைப் படித்துவிடலாம் என்ற நம்பிக்கையைத்தான் மறுக்கிறேன். அந்த நம்பிக்கை பரிசோதனைக்கு முன் நிற்பதில்லை. அது நிற்பதில்லை என்று காட்டிய பரிசோதனைகளும் நேற்று வந்தவை அல்ல.

இந்தச் சிந்தனையின் மூலம் 1952ஆம் ஆண்டில் இருக்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் டொனால்டு கிராமும், அவருடன் பணியாற்றிய அப்துல் ஹஃபேஸும், இத்தகைய ஆல்டிஹைடுகளும் கீட்டோன்களும் எந்த விளைபொருளை மிகுதியாகத் தருகின்றன என்பதைத் தொகுத்துப் பார்த்து ஒரு விதியை வகுத்தனர். கார்பனைலின் ஆக்சிஜன் பெரிய தொகுதிக்கு நேர் எதிரே, நடுத்தரத் தொகுதிக்கும் சிறிய தொகுதிக்கும் இடையில் அமைந்திருக்கும் ஒரு வச அமைப்பை அவர்கள் கற்பித்துக்கொண்டனர். தாக்குதல் சிறிய தொகுதியின் பக்கமாக நிகழும் என்றனர். விதி பலித்தது. பலித்ததனாலேயே அந்த வரைபடமும் உண்மை என்று பலர் கொண்டுவிட்டனர். விதி பலிப்பது வேறு, விதிக்குச் சொல்லப்பட்ட காரணம் மெய்யாவது வேறு என்ற பேதம் அன்றைக்கே மறக்கப்பட்டது. என் வழக்கு முழுவதும் அந்த மறதியைப் பற்றியதுதான்.

மறதியை முதலில் கலைத்தவர் பிரான்ஸ் நாட்டில் பணியாற்றிய ஃபெல்கின். 1968இல் அவரும் உடன் உழைத்தவர்களும் செய்த பரிசோதனையை நான் ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் முழுமையாக எழுதிக் காட்டுவது வழக்கம். இங்கும் அதைச் சற்று நின்று பார்ப்போம். ஒரு கார்பனில் ஃபீனைல், மெத்தில், ஹைட்ரஜன் என்ற மூன்றும் இருக்கின்றன; அதற்கு அடுத்தது கார்பனைல்; கார்பனைலின் மறுபுறத்தில் ஓர் ஆல்கைல் தொகுதி. லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடைக் கொண்டு இந்தக் கீட்டோனை ஒடுக்குகிறோம். மறுபுற ஆல்கைல் மெத்திலாக இருக்கும்போது, கிராம் விதி சொல்லும் ஆல்கஹால் நூற்றுக்கு 74 பங்கு கிடைக்கிறது. அதை எத்திலாக்கினால் 76, ஐசோபுரொப்பைலாக்கினால் 83, டெர்ஷியரி பியூட்டைலாக்கினால் 98. மறுபுறம் பருக்கப் பருக்க, முகத்தைத் தேர்ந்தெடுக்கும் கண்டிப்பும் ஏறிக்கொண்டே போகிறது.

இப்போது கிராமின் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆக்சிஜன் பெரிய தொகுதிக்கு எதிரே நிற்கிறது என்றால், கார்பனைலின் மறுபுற ஆல்கைல் அந்தப் பெரிய தொகுதியின்மேல் நேராகக் கவிந்து நிற்க வேண்டும் என்பது அதன் தவிர்க்க முடியாத பொருள். மெத்தில் ஃபீனைலின்மேல் கவிந்து நிற்பதையாவது மனம் ஒருவாறு சகித்துக்கொள்ளும். டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனைலின்மேல் கவிந்து நிற்பதை எந்த மாதிரிக் கட்டமைப்பிலும் நிறுத்திக்காட்ட முடியாது. பந்தும் குச்சியும் கையில் வைத்திருப்பவர் எவரும் தாமே செய்து பார்க்கலாம். வரைபடம் மெய்யானால் டெர்ஷியரி பியூட்டைலில் விதி தளர்ந்திருக்க வேண்டும். அங்கேதான் அது உச்சத்தை எட்டியது. விதி சொன்ன விளைபொருள் சரியாகவே வந்தது, விதிக்குச் சொன்ன காரணமோ சாத்தியமற்றது என்று அந்த ஒரே எண் அறிவித்தது.

ஃபெல்கின் இதிலிருந்து எடுத்த முடிவு ஆழமானது. நாம் வரைய வேண்டியது வினைக்கு முன் மூலக்கூறு ஓய்ந்திருக்கும் நிலையை அன்று, கருக்கவர் பொருள் பாதி பிணைந்துவிட்ட இடைநிலையை என்றார் அவர். அந்த இடைநிலையில் பெரிய தொகுதி தளத்துக்குச் செங்குத்தாக நின்று, வருகின்ற பிணைப்புக்கு நேர் எதிர்ப்புறத்தில் விலகியிருக்கிறது; மறுபுற ஆல்கைலின் அருகே நடுத்தரத் தொகுதி வருகிறதா, சிறியது வருகிறதா என்பதில்தான் இரண்டு இடைநிலைகளும் வேறுபடுகின்றன. ஆல்கைல் பருத்தால் இந்த வேறுபாடும் பெருகும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். ஓய்ந்திருக்கும் மூலக்கூறுகளில் பெரும்பான்மை எந்த வச அமைப்பில் இருக்கிறதோ, அந்த அமைப்பிலிருந்துதானே பெரும்பான்மை விளைபொருள் வரும் என்று மாணவர்கள் கேட்கின்றனர். ஆசிரியர்களும் சிலர் அவ்வாறே கற்பிக்கின்றனர். இது பிழை. கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பைச் சுற்றிச் சுழலத் தேவைப்படும் ஆற்றல், கார்பனைலின்மேல் கருக்கவர் பொருள் சேரத் தேவைப்படும் ஆற்றலைவிடப் பொதுவாக மிகச் சிறியது. ஆகையால் ஒரு மூலக்கூறு ஒருமுறை வினைபுரிவதற்குள் எண்ணற்ற முறை தன் அமைப்பை மாற்றிக்கொண்டுவிடுகிறது. மலையடிவாரத்து ஊர் ஒன்றில் கிழக்குத் தெருவில் மக்கள் அதிகமா, மேற்குத் தெருவில் அதிகமா என்று எண்ணிப் பார்த்து, அவர்கள் எந்தக் கணவாய் வழியாக மலையைக் கடப்பார்கள் என்று சொல்ல முடியாது. எந்தக் கணவாய் தாழ்ந்தது என்பதே அதைத் தீர்மானிக்கும். கர்ட்டின், ஹாமெட் என்ற இருவரின் பெயரால் வழங்கும் தத்துவம் இதுதான். இதை முதல் அத்தியாயத்தில் மனப்பாடம் செய்துவிட்டுப் பத்தாவது அத்தியாயத்தில் மறந்துவிடுகிறோம்.

அந்தக் கணவாய்களின் உயர வேறுபாடு எவ்வளவு என்பதையும் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. நூற்றுக்கு 74 என்பது 26க்கு எதிராக 2.8 மடங்கு, சாதாரண வெப்பநிலையில் அது ஏறத்தாழ 0.6 கிலோகலோரி வேறுபாடு. ஈத்தேன் மூலக்கூறு தன் நடுப் பிணைப்பைச் சுற்றிச் சுழலக் கடக்க வேண்டிய தடையே சுமார் 2.9 கிலோகலோரி என்பதை நினைவில் கொண்டால், நாம் 'விதி' என்று கொண்டாடும் இந்த முடிவு அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே ஆன, நுட்பமான ஒரு தராசின் சாய்வு என்பது புலப்படும். இத்தனை சிறிய சாய்வைத் தொகுதிகளின் பருமன் என்ற ஒற்றை எடைக்கல்லால் அளந்துவிடலாம் என்பது எப்படிப் பொருந்தும்? கரைப்பான், உலோகம், வெப்பநிலை ஆகிய ஒவ்வொன்றும் இதைவிடப் பெரிய எடையைத் தட்டில் வைக்க வல்லது.

பருமன் என்ற எடைக்கல்லையே இனிச் சோதிப்போம். அடுத்த கார்பனில் குளோரின், மெத்தில், ஹைட்ரஜன் மூன்றும் இருக்கும் 2-குளோரோபுரொப்பனாலை எடுத்துக்கொள்வோம். இம்மூன்றில் பெரியது எது? வளையஹெக்சேனில் ஒரு தொகுதி அச்சு நிலையை எவ்வளவு வெறுக்கிறது என்பதைக் கொண்டு பருமனை அளப்பது நம் நெடுநாளைய வழக்கம். அந்த அளவில் மெத்திலுக்கு 1.7 கிலோகலோரி, குளோரினுக்கு அரை கிலோகலோரியை ஒட்டியதுதான். ஆக, பருமனே பிரமாணம் என்றால் மெத்தில் பெரியது, குளோரின் நடுத்தரம். மெத்திலைத்தான் செங்குத்தாக நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தினால் தாக்கும் முகம் தலைகீழாக மாறிவிடும். ஏனெனில் மூன்றில் இரண்டை இடம் மாற்றினால் முகமும் மாறும். பரிசோதனையோ குளோரினைப் பெரிய தொகுதியின் ஸ்தானத்தில் வைத்தால்தான் விளைபொருளோடு ஒத்துப்போகிறது. பாடப்புத்தகம் இதைச் சமாளிப்பதற்காக 'எலக்ட்ரான் கவர் தொகுதியைப் பெரியதாகக் கொள்க' என்று ஓர் அடைப்புக்குறி வாக்கியத்தைச் சேர்த்துவிடுகிறது. சிறியதைப் பெரியதாகக் கொள்ளச் சொல்லும் விதி, பருமனைப் பற்றிய விதியாக இருக்க முடியுமா?

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் நுயென் திராங் ஆன், ஓடில் ஐசென்ஸ்டைன் என்ற இருவர். 1970களின் நடுப்பகுதியில் அவர்கள் இந்தக் குளோரோபுரொப்பனாலையும் 2-மெத்தில்பியூட்டனாலையும் எடுத்து, ஹைட்ரைடு அயனி அணுகும்போது ஒவ்வோர் அமைப்பின் ஆற்றலும் எப்படி மாறுகிறது என்று குவாண்டம் முறையில் கணக்கிட்டனர். செங்குத்தாக நிற்கும் கார்பன்–குளோரின் பிணைப்பின் எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டால், கார்பனைலின் எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலோடு கலந்து அதைத் தாழ்த்துகிறது. தாழ்ந்த அந்த ஆர்பிட்டாலுக்குள் கருக்கவர் பொருளின் எலக்ட்ரான் இணை எளிதில் புகுகிறது. குளோரின் செங்குத்தாக நிற்பது இடப்பற்றாக்குறையால் அன்று, அதன் பிணைப்பு எலக்ட்ரான்களை ஏற்கும் தகுதி பெற்றிருப்பதால். அதோடு, கருக்கவர் பொருள் தொண்ணூறு பாகையில் நிமிர்ந்து வருவதில்லை, 107 பாகையை ஒட்டிச் சாய்ந்து வருகிறது என்று பியூர்கியும் டூனிட்ஸும் படிகங்களிலிருந்து காட்டியிருந்ததையும் அவர்கள் சேர்த்துக்கொண்டனர். ஆக்சிஜனை விட்டு விலகிச் சாய்ந்த அந்தப் பாதை, அடுத்த கார்பனிலுள்ள தொகுதிகளில் ஒன்றை உரசிக்கொண்டு போகிறது. உரசப்படுவது சிறியதாக இருக்கும் இடைநிலையே தாழ்ந்தது. ஃபெல்கினின் விளக்கம் ஆல்டிஹைடுகளில் தடுமாறியது. அங்கே மறுபுறத்தில் ஹைட்ரஜன் மட்டுமே இருப்பதால் அவர் சொன்ன நெருக்கடிக்கு இடமில்லை. சாய்ந்த பாதை அந்தக் குறையைத் தீர்த்தது.

இதையாவது இறுதி வார்த்தையாகக் கொள்ளலாமா என்றால், அதுவும் கூடவில்லை. கான்ஃபோர்த் தம்பதியரும் மேத்யூவும் 1959லேயே வேறொரு படம் வரைந்திருந்தனர்: குளோரினும் ஆக்சிஜனும் தத்தம் இருமுனைகள் ஒன்றையொன்று தணிக்கும்படி எதிரெதிராக நிற்கின்றன என்பது அவர்கள் கொள்கை. நெடுங்காலம் அது பழங்கணக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. 2003இல் டேவிட் எவன்ஸும் அவருடைய குழுவினரும் ஆக்சிஜன் போன்ற அணு ஏந்திய ஆல்டிஹைடுகளின்மேல் ஈனோலேட்டுகளைச் சேர்த்துப் பார்த்து, ஈனோலேட்டின் வடிவத்துக்கேற்ப விகிதம் மாறும் மாதிரியைக் கான்ஃபோர்த்தின் படமே நன்றாக விளக்குகிறது என்று காட்டி, அதற்கு மறுவாழ்வு அளித்தனர். இரண்டு படங்களும் கணிப்பது ஒரே முகத்தைத்தான். விடை ஒன்றாக இருந்தும் படங்கள் வேறு. விடை சரியாக வந்துவிட்டது, ஆகவே என் படம் மெய் என்று சொல்லும் உரிமை கிராமுக்கும் இல்லை, நமக்கும் இல்லை.

இதுவரை நான் சொன்னவை காரணத்தைப் பற்றிய சண்டை என்று கூறி, விடையளவில் பழைய விதி போதும் என்று சாதிப்பவர்கள் உண்டு. விடையே மாறும் இடத்துக்கு அவர்களை அழைக்கிறேன். கிராமும் கோபெக்கியும் 1959இல் சுட்டியது இது: அடுத்த கார்பனில் ஆக்சிஜன் ஏந்திய தொகுதி ஒன்று இருந்து, வினைப்பொருளில் மெக்னீசியம் போன்ற உலோகம் இருந்தால், அந்த உலோகம் கார்பனைலின் ஆக்சிஜனையும் இந்த ஆக்சிஜனையும் நண்டின் கொடுக்குபோல் ஒருங்கே பற்றி ஐந்து உறுப்பு வளையமொன்றை ஆக்கிவிடுகிறது. வளையம் ஆனபின் அந்தத் தொகுதி செங்குத்தாக நிற்க வழியே இல்லை. கார்பனைல் தளத்திலேயே படுத்துவிடுகிறது. எஞ்சிய இரண்டில் சிறியதன் பக்கமாகக் கருக்கவர் பொருள் வருகிறது. ஃபெல்கின்–ஆன் படம் கணிக்கும் முகத்துக்கு நேர் எதிரான முகம் இது.

அப்படி ஒரு வளையம் உண்மையில் வினைப்பாதையில் இருக்கிறதா, அல்லது வசதிக்காக நாம் கற்பித்துக்கொண்டதா? ஏர்னெஸ்ட் எலியலும் ஸ்டீபன் ஃப்ரையும் உடன் உழைத்தவர்களும் இதற்குத் தந்த விடையைப்போல் தெளிவானதை இத்துறையில் நான் அதிகம் கண்டதில்லை. புரொப்பியோஃபீனோனின் அடுத்த கார்பனில் ஓர் ஆக்சிஜனை வைத்து, அந்த ஆக்சிஜனின்மேல் வெவ்வேறு காப்புத் தொகுதிகளை மாட்டினார்கள். டெட்ராஹைட்ரோஃபியூரானில், −70 பாகை செல்சியஸில், டைமெத்தில் மெக்னீசியத்தோடு வினைபுரிய வைத்து, விகிதத்தை மட்டும் பார்க்காமல் வேகத்தையும் அளந்தார்கள். காப்பு மெத்திலாக இருந்தபோது கொடுக்கிணைப்பு வழியின் விளைபொருள் 99க்கும் மேல். ஒப்பு வேகம் 1000. டிரைமெத்தில் சிலிலாக இருந்தபோது 99க்கு 1, வேகம் 100. டெர்ஷியரி பியூட்டைல் டைமெத்தில் சிலிலில் 88க்கு 12, வேகம் 2.5. டிரை ஐசோபுரொப்பைல் சிலிலில் 42க்கு 58, வேகம் 0.45. ஆக்சிஜனே இல்லாத வெறும் புரொப்பியோஃபீனோனின் வேகம் 0.51.

இந்த எண்களை மெதுவாகப் படிக்க வேண்டும். உலோகத்தைப் பற்றிய வளையம் வினைக்கு உதவாத ஒரு முட்டுச்சந்தாக இருந்திருந்தால், வளையம் வலுக்க வலுக்க வினை மந்தமாகியிருக்கும். மூலக்கூறுகள் அந்தச் சந்துக்குள் போய் அடைபட்டிருக்கும். நடந்ததோ அதற்கு மாறு. கொடுக்கிணைப்பு முகம் எங்கே மேலோங்குகிறதோ அங்கே வேகமும் ஆயிரமடங்கு ஓங்குகிறது. அது தளரும்போது வேகமும் இறங்கி, ஆக்சிஜனற்ற சாதாரணக் கீட்டோனின் வேகத்தருகே வந்து நிற்கிறது. வளையம் வினையின் பாதையிலேயே இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சியம் வேண்டியதில்லை. கார்பனைல் ஒன்றே, அடுத்த கார்பனின் அமைப்பு ஒன்றே, தாக்கவரும் பொருளும் ஒன்றே. ஆக்சிஜனின்மேல் மாட்டிய சட்டை மாறியது, முகம் மாறியது.

இந்த வரிசையில் நம் ஆய்வுக்கூடங்களில் உலவும் இன்னொரு நம்பிக்கையும் விழுகிறது. டெர்ஷியரி பியூட்டைல் டைமெத்தில் சிலில் காப்பு இருந்தால் கொடுக்கிணைப்பு நேராது என்று பலர் கண்ணை மூடிக்கொண்டு சொல்கின்றனர். மேலே கண்ட எண் 88க்கு 12. அதன் பருமன் வளையத்தைத் தளர்த்தியது, தடுத்துவிடவில்லை. என் மேற்பார்வையில் ஆய்வு செய்த ஒரு மாணவி, இதே காப்பேந்திய கீட்டோன் ஒன்றோடு கிரிக்னார்டு வினைப்பொருளைச் சேர்த்து, எதிர்பார்த்த டையாஸ்டீரியோமர் சிறுபான்மையாக வந்ததைக் கண்டு, தன் அமைப்புத் தீர்மானமே பிழை என்று ஒரு மாதம் கலங்கினாள். சிலிலை நீக்கி இரட்டை ஆல்கஹாலாக்கி, அசிட்டோனோடு வளையக் கீட்டாலாக மூடி, வளையத்தில் எந்தத் தொகுதிகள் ஒரே பக்கத்தில் இருக்கின்றன என்று காந்த ஒத்ததிர்வில் பார்க்கும்படி சொன்னேன். வளையத்தின் ஒரு புரோட்டானைத் தூண்டியபோது, அடுத்த கார்பனின் மெத்தில் சமிக்ஞை உயர்ந்தது. இரண்டும் ஒரே பக்கம். அவள் தீர்மானம் சரி. அவள் நம்பிய விதிதான் பொருந்தாத இடத்தில் நின்றிருந்தது.

விதி விலக்குகளைக் காட்டி விதியைக் குறைகூறுகிறேன் என்பார்கள். ஆனால் இவற்றை விலக்கு என்று அழைப்பதுதான் எனக்கு உடன்பாடில்லை. சர்க்கரைகளை எடுங்கள், மேக்ரோலைடு மருந்துகளின் நீண்ட சங்கிலிகளை எடுங்கள், அமினோ அமிலத்திலிருந்து தொடங்கும் தொகுப்புகளை எடுங்கள். கார்பனைலுக்கு அடுத்த சீர்மையற்ற கார்பன் அங்கெல்லாம் அடிக்கடி ஆக்சிஜனையோ நைட்ரஜனையோ ஏந்தியே வருகிறது. ஃபீனைல், மெத்தில், ஹைட்ரஜன் மூன்றும் மட்டுமே இருக்கும் கார்பன், கிராமின் ஆய்வுக்கு வசதியாக இருந்த ஒன்று. பெரும்பாலும் எதிர்ப்படுவதை விலக்கென்றும், அரிதாக எதிர்ப்படுவதை விதியென்றும் கற்பிப்பது நியாயமாகாது.

ஆகையால் ஒரு கார்பனைலின் முகத்தைக் கணிக்க முனைபவர், காகிதத்தில் வரையுமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி உலோகத்தைப் பற்றியது: வினைப்பொருளில் இரண்டு ஆக்சிஜன்களையும் பற்றக்கூடிய உலோகம் இருக்கிறதா, கரைப்பான் அதை விட்டுவைக்குமா, காப்புத் தொகுதி இடம் கொடுக்குமா? கொடுத்தால் வளையத்தை வரைய வேண்டும். கொடுக்காவிட்டால் எலக்ட்ரான் கவர் பிணைப்பு எதுவென்று பார்க்க வேண்டும். அதுவும் இல்லாத இடத்தில்தான் பருமன் பேச வரும். வந்தாலும் 74க்கு 26 என்ற தாழ்ந்த குரலிலேயே பெரும்பாலும் பேசும். ஐயம் எஞ்சினால், அதே வினையை மெக்னீசியத்துக்குப் பதில் லித்தியத்தோடும், சிறிய காப்புக்குப் பதில் பெரிய காப்போடும் ஒருமுறை செய்து விகிதத்தை ஒப்பிடுவது, பத்துப் பக்கத் தர்க்கத்தைவிட விரைவாகக் காரணத்தைக் காட்டிவிடும்.

வினாத்தாள் எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். கீட்டோனின் அமைப்பை மட்டும் அச்சிட்டு, 'கருக்கவர் பொருள் எந்த முகத்தைத் தாக்கும்?' என்று கேட்காதீர்கள். உலோகம் எது, கரைப்பான் எது, ஆக்சிஜனின்மேல் என்ன காப்பு இருக்கிறது என்பதையும் அந்த வரியிலேயே எழுதுங்கள். இவை இல்லாத கேள்விக்கு விடை கிடையாது.